நாளை மழை எத்தனை மணிக்கு? வானிலை வரைபடத்தில் ஒரு கணக்கு

வானிலை வரைபடத்தைத் திறந்ததும் பலர் தங்கள் ஊர் இருக்கும் புள்ளியைத்தான் தேடுவார்கள். அங்கே மழைக்கான அடையாளம் ஏதும் இல்லை என்றால் நிம்மதியாக மூடிவிடுவார்கள். ஆனால் அந்தப் புள்ளி சொல்வது இந்த நேரத்து நிலையை மட்டும்தான். நாளைய மழையும் காற்றும் இப்போது பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அவை எவ்வளவு வேகத்தில் வருகின்றன என்பதும் அதே வரைபடத்தில்தான் இருக்கிறது. ஒரு அளவுகோலும் ஒரு பென்சிலும் போதும்.

முதலில் வளைந்து வளைந்து போகும் கோடுகள். ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைப்பவை இவை. சம அழுத்தக் கோடுகள் என்பார்கள். பல நாடுகளின் வரைபடங்களில் 4 ஹெக்டோபாஸ்கலுக்கு ஒரு கோடு போடுவது வழக்கம்: 1000, 1004, 1008 என்று. காற்று அதிக அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்தை நோக்கி நேராகப் பாயும் என்று தோன்றும். பாயத்தான் கிளம்புகிறது. ஆனால் பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் அது வலப்பக்கம் விலகி விலகி, கடைசியில் கோடுகளை ஒட்டியே ஓடுகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு அழுத்தம் இடப்பக்கம் இருக்கும் என்று 1857-இல் நெதர்லாந்து அறிஞர் பைஸ் பாலட் சொன்ன விதி இதுதான். தென் அரைக்கோளத்தில் எல்லாம் இடம் வலமாக மாறிவிடும்.

கோடுகள் நெருங்க நெருங்கக் காற்று வலுக்கும். எவ்வளவு என்பதையும் சொல்லலாம். 50 டிகிரி அட்சரேகை அருகே இரண்டு கோடுகளுக்கு இடையே 200 கிலோமீட்டர் இருந்தால், தரையின் உரசல் எட்டாத உயரத்தில் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 54 கிலோமீட்டர். இடைவெளி பாதியானால் வேகம் இரட்டிப்பு. தரை மட்டத்தில் உரசல் இதைக் குறைத்துவிடும்: கடல்மேல் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, நிலத்தில் பாதிக்கு அருகில். கூடவே காற்று தாழ்வு மையத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தும் வீசும். நிலத்தில் அந்தச் சாய்வு 30 டிகிரி வரை போகும்.

சரி, அடுத்தது முகப்புகள். வெதுவெதுப்பான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லை இது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் நார்வேயின் பெர்கன் நகரில் இருந்த ஆய்வாளர்கள், போர்முனையை மனதில் வைத்துச் சூட்டிய பெயர். அரைவட்டங்கள் கோத்த சிவப்புக் கோடு வெப்ப முகப்பு. முக்கோணங்கள் கோத்த நீலக் கோடு குளிர் முகப்பு. அரைவட்டங்களும் முக்கோணங்களும் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றனவோ, முகப்பு அந்தப் பக்கம் நகர்கிறது.

வெப்ப முகப்பில் இலேசான வெப்பக் காற்று, குளிர்காற்றின் மேல் மெதுவாகச் சரிந்து ஏறுகிறது. சரிவு மிகக் குறைவு. 150 கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் உயரம் என்ற கணக்கில் இருக்கும். அதனால் வரைபடத்தில் முகப்பு இன்னும் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே மழை ஆரம்பித்துவிடும். மெல்லிய இறகு மேகங்கள் அதற்கும் வெகுமுன்னே வந்துவிடும். குளிர் முகப்பில் கனமான குளிர்காற்று ஆப்பு போல அடியில் நுழைந்து வெப்பக் காற்றைச் செங்குத்தாகத் தூக்குகிறது. அங்கே மழைப்பட்டை குறுகல், ஆனால் வலுத்துப் பெய்யும்.

இப்போது ஒரு கற்பனை வரைபடம். இடம் வட அரைக்கோளம், 50 டிகிரி அருகே, சமதரை. படம் மாலை 6 மணி நிலவரத்தைக் காட்டுகிறது. (படத்தின் மூலையில் இருக்கும் நேரம் பெரும்பாலும் UTC-இல் இருக்கும், உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் கணக்கில் இறங்கினால் எல்லாமே பிசகும்.) வடமேற்கே ஒரு தாழ்வு மையம். அதிலிருந்து தெற்கே இறங்கும் வெப்ப முகப்பு நமக்கு மேற்கே 540 கிலோமீட்டரில் இருக்கிறது. குளிர் முகப்பு 1080 கிலோமீட்டரில்.

முகப்பின் வேகத்தைப் பிடிக்க ஒரு தந்திரம் உண்டு. முகப்புக் கோட்டின் மேலேயே அளவுகோலை வைத்து, சம அழுத்தக் கோடுகள் அதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை வெட்டுகின்றன என்று பாருங்கள். நம் படத்தில் 200 கிலோமீட்டருக்கு ஒன்று. அப்படியானால் முகப்பைத் தள்ளும் காற்றின் வேகம் 54. குளிர் முகப்பு ஏறக்குறைய அதே வேகத்தில் வரும். வெப்ப முகப்பு அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 36.

அப்புறம் வகுத்தல்தான். வெப்ப முகப்பு வர 15 மணி நேரம்: நாளை காலை 9 மணி. மழை அதற்கு 250 கிலோமீட்டர் முன்னால் வருவதால், மீதி 290 கிலோமீட்டரை 36-ஆல் வகுத்தால் 8 மணி நேரம்: அதிகாலை 2 மணிக்கு முதல் தூறல். குளிர் முகப்புக்கு 20 மணி நேரம்: பிற்பகல் 2 மணி. ஆக, காலை 9 முதல் 2 வரை நாம் இரண்டு முகப்புகளுக்கும் நடுவே இருப்போம். தாழ்ந்த மேகம், வெதுவெதுப்பு, மிஞ்சிப்போனால் சாரல். வெளிவேலை எதையாவது செய்தே ஆக வேண்டும் என்றால் இந்த இடைவெளிதான்.

அந்த நேரத்துக் காற்றையும் சொல்லிவிடலாம். இரு முகப்புகளுக்கும் நடுவே கோடுகள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகின்றன; அவற்றுக்குச் செங்குத்தாக அளந்தால் இடைவெளி 140 கிலோமீட்டர். மேலே 77 கிலோமீட்டர் வேகம், தரையில் 40-ஐ ஒட்டி. அதுவரை தெற்கிலிருந்து வீசிய காற்று 9 மணிக்குத் தென்மேற்குக்குத் திரும்பும். 2 மணிக்குக் குளிர் முகப்பு கடக்கும்போது ஒன்றரை மணி நேரம் கொட்டிவிட்டுக் காற்று வடமேற்குக்கு மாறும். அதன் பின்னால் வரும் குளிர்காற்று நிலையில்லாதது. மேலே ஓடும் வேகமான காற்றை அவ்வப்போது தரைக்கு இறக்கிவிடும். சராசரி வேகம் பெரிதாகக் கூடாவிட்டாலும் வீச்சுகள் பலமாக இருக்கும்.

இந்தக் கணக்கு எங்கே கவிழும்? கோடுகள் முகப்பை வெட்டாமல் அதற்கு இணையாக ஓடினால் முகப்பு நகராது. அப்படியே நின்று நாள் முழுக்க ஒரே இடத்தில் பெய்யலாம். மலைகள் முகப்பைத் தடுத்து வளைக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பூமிச் சுழற்சியின் விலக்கம் மிகக் குறைவு என்பதால் கோடுகளை வைத்துக் காற்றைக் கணிப்பதே சரிவராது. முகப்புகளும் அங்கே அபூர்வம். இன்னொன்று, தாழ்வு மையம் இரவோடு இரவாக ஆழமாவது. வெப்ப முகப்பு தாண்டியபின் அழுத்தம் ஏறக்குறைய நிலையாக இருக்க வேண்டும். அப்போதும் அழுத்தமானி இறங்கிக்கொண்டே போனால், காற்று கணக்கை மீறப்போகிறது.

அதனால் தூங்கப் போகுமுன் நள்ளிரவு நிலவரப் படத்தையும் பார்ப்பது நல்லது. ஆறு மணி நேரத்தில் வெப்ப முகப்பு 216 கிலோமீட்டர் வந்திருக்க வேண்டும். 120 மட்டுமே வந்திருக்கிறது, குளிர் முகப்போ சொன்னபடி 324 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இடையே மீதி 336 கிலோமீட்டர். மணிக்கு 34 வீதம் அது குறைகிறது. பத்து மணி நேரத்தில், அதாவது நம்மை எட்டுவதற்கு முன்பே, குளிர் முகப்பு முன்னதை எட்டிப் பிடித்துவிடும். இரண்டும் ஒன்றாகிவிட்டால் நடுவில் வெதுவெதுப்பான இடைவெளி என்று ஒன்று தரையில் இருக்காது. மழை காலை எட்டரைக்கு மேல் தொடங்கி, பிற்பகல் 2 மணி வாக்கில் முகப்பு கடக்கும்வரை விடாமல் பெய்யும்.