பெயர்ப் பலகைக்குப் போட்ட துளை

ஒரு தொழிற்சாலையிலிருந்து இரண்டாக உடைந்த இரும்புப் பட்டை ஒன்றைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்கள். 100 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன், சாதாரண E250 ரக இரும்பு. எந்திரம் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் இந்தப் பட்டை சுமார் 80 கிலோநியூட்டன், அதாவது எட்டு டன் விசையில் இழுபட்டு, பிறகு தளரும். நிமிடத்துக்கு எட்டு முறை. ஒரு ஷிஃப்ட் ஓடினாலே 3,840 முறை.

பட்டையின் நடுவில் வடிவமைப்பிலேயே 20 மி.மீ. துளை ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சுத்தம் செய்து, சாயம் ஊற்றி விரிசல் பார்க்கும் டிபி டெஸ்ட்டும் செய்திருக்கிறார்கள். பட்டை அங்கே உடையவில்லை. அதற்கு ஒன்றரை அடி மேலே, வரிசை எண் பொறித்த சின்னத் தகட்டை ரிவெட் அடிப்பதற்காகப் பிற்பாடு யாரோ போட்ட 3 மி.மீ. துளை வழியாக உடைந்திருந்தது.

கூட வந்த மெயின்டனன்ஸ் ஃபோர்மேனுக்கு அதுதான் நம்ப முடியாத விஷயம். "மூணு எம்.எம். ஓட்டை சார், அது என்ன பண்ணிடும்? பக்கத்துலயே இருபது எம்.எம். ஓட்டை சும்மா இருக்கே?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பட்டறையில் பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்: 100 மி.மீ. அகலத்தில் 3 மி.மீ. போனால் மூன்று சதவீதம் பலம் குறையும், அவ்வளவுதான் என்று. இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

துளையே இல்லாத பட்டையில் தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கும். 80,000 நியூட்டனை 1,000 சதுர மி.மீ. பரப்பால் வகுத்தால் 80 மெகாபாஸ்கல். துளை போட்டதும் அந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டிய விசை இரண்டு பக்கமும் ஒதுங்கித்தான் போயாக வேண்டும். ஒதுங்கிய விசை மீதமுள்ள அகலம் முழுவதும் சமமாகப் பரவிக்கொண்டால் ஃபோர்மேன் சொன்னது சரி. ஆனால் அது அப்படிப் பரவுவதில்லை, துளையின் ஓரத்தை ஒட்டியே நெருக்கியடித்துக்கொண்டு போகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் பழைய சைக்கிள் டியூப் ஒன்றைப் பிரித்து அகலமான பட்டையாக வெட்டுங்கள். நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு, சுற்றிலும் பேனாவால் சின்னச் சின்னச் சதுரங்கள் வரைந்து, மேலும் கீழுமாக இழுங்கள். ஓட்டை முட்டை வடிவத்துக்கு நீளும். ஓட்டையின் இடது, வலது ஓரத்துச் சதுரங்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக நீண்டிருக்கும். ஓட்டையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ரப்பர் லேசாகச் சுருங்கிப் புடைத்துக்கொண்டு நிற்கும். இழுக்கிற பட்டையில் அந்த இரண்டு இடம் மட்டும் பக்கவாட்டில் அமுக்கப்படுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த நெருக்கத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜெர்மானியரான கிர்ஷ். ஆண்டு 1898. மிக அகலமான தகட்டில் ஒரு சிறிய வட்டத் துளை இருந்து, தகட்டை ஒரே திசையில் இழுத்தால், துளையின் பக்கவாட்டு விளிம்பில் தகைவு சரியாக மூன்று மடங்கு ஆகிறது. இழுக்கும் திசையில் உள்ள மேல், கீழ் விளிம்புகளில் தகட்டை இழுக்கும் தகைவின் அளவுக்கே, அதாவது ஒரு மடங்கு, அமுக்குத் தகைவு. அந்த விடையில் துளையின் விட்டம் எங்குமே இல்லை. தகடு போதுமான அளவு அகலமாக இருக்கும்வரை 3 மி.மீ. துளைக்கும் மூன்று மடங்குதான், 10 மி.மீ. துளைக்கும் மூன்று மடங்குதான்.

ஏன் மூன்று என்று கேட்பவர்களுக்கு எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. ஒரு திசை இழுவையை இரண்டு சுமைகளின் கூட்டாகப் பிரிக்கலாம். முதலாவது, நான்கு பக்கமும் பாதி இழுவை. இரண்டாவது, மேலும் கீழும் பாதி இழுவை, பக்கவாட்டில் பாதி அமுக்கு. இரண்டையும் கூட்டினால் பக்கவாட்டில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும், மேலும் கீழும் முழு இழுவை மிஞ்சும். நான்கு பக்கமும் சமமாக இழுத்தால் துளையின் விளிம்பு முழுவதும் இரண்டு மடங்கு. பாதியின் இரண்டு மடங்கு ஒன்று. இரண்டாவது சுமையில் உச்சம் நான்கு மடங்கு. பாதியின் நான்கு மடங்கு இரண்டு. பக்கவாட்டு விளிம்பில் ஒன்றும் இரண்டும் கூடி மூன்று. மேல் விளிம்பில் இரண்டாவதன் குறி மாறிவிடுவதால், ஒன்றில் இரண்டு போய், எதிர்க்குறியோடு ஒன்று.

நம் பட்டையின் அகலம் அளவுக்குட்பட்டது. அதற்கு ஹேவுட்டின் எளிய சூத்திரம் போதும்:

```
K = 2 + (1 - d/W)^3
```

இதில் K விளிம்பில் தகைவு எத்தனை மடங்காகிறது என்ற எண், d துளையின் விட்டம், W பட்டையின் அகலம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த K-யைத் துளை போக மிஞ்சிய பரப்பில் கிடைக்கும் சராசரித் தகைவால் பெருக்க வேண்டும். முழுப் பரப்பின் தகைவால் பெருக்குகிற தவறை அனுபவமுள்ளவர்கள்கூடச் செய்து பார்த்திருக்கிறேன். கையேட்டில் ஒரு K-யை எடுக்கும்போது அது எந்தப் பரப்புக்கு உரியது என்று முதலில் பாருங்கள்.

20 மி.மீ. துளைக்கு மிஞ்சிய பரப்பு 800 சதுர மி.மீ., சராசரி 100 மெகாபாஸ்கல். K 2.51. ஆக உச்சத் தகைவு 251. 3 மி.மீ. பெயர்ப் பலகைத் துளைக்கு மிஞ்சிய பரப்பு 970, சராசரி 82.5, K 2.91. உச்சம் 240. விட்டம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, ஆனால் உச்சத் தகைவில் வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. காகிதத்தில் இதை எழுதிக் காட்டியபோது ஃபோர்மேன் கால்குலேட்டரை வாங்கி, தானே மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

சரி, 251 என்றால் E250 இரும்பு நிரந்தரமாக நீளத் தொடங்கும் யீல்டு அளவையே தொட்டுவிட்டதே, பட்டை முதல் நாளே நீண்டு போயிருக்க வேண்டாமா? வேண்டியதில்லை. அந்த உச்சம் மிகச் சின்ன இடத்தில்தான் இருக்கிறது. விளிம்பிலிருந்து துளையின் ஆரம் அளவுக்கு உள்ளே போனாலே மூன்று மடங்கு 1.22 மடங்காக இறங்கிவிடும். 3 மி.மீ. துளையில் அது வெறும் ஒன்றரை மி.மீ. தூரம். நீளும் தன்மையுள்ள இரும்பில் விளிம்பு கொஞ்சம் இளகிக்கொடுத்து, சுமையைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். அதனால்தான் அசையாமல் நிற்கும் சுமைக்கு, போல்ட் துளை போக மிஞ்சிய பரப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலும் கட்டுமான இரும்பு தாங்குகிறது. இளகிக்கொடுக்காத கண்ணாடி போன்ற பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆயிரக்கணக்கான முறை இழுபட்டுத் தளரும் இரும்புக்கும் கிடையாது. அங்கே விரிசலைத் தொடங்கிவைப்பது சராசரித் தகைவு அல்ல, அந்த ஒன்றரை மி.மீ.க்குள் இருக்கும் உச்சம்தான்.

அப்படியானால் 251 இருந்த இடத்தை விட்டு 240 இருந்த இடத்தில் ஏன் உடைந்தது? உண்மையில் உச்சம் சமமாக இருந்தால் திரும்பத் திரும்ப இழுபடுவதால் வரும் ஃபெட்டீக் பாதிப்பு சிறிய துளைக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே அதிகத் தகைவைச் சுமக்கிற இரும்பின் அளவு குறைவு. விடை உடைந்த முகத்திலேயே இருந்தது. 20 மி.மீ. துளையை ரீமர் போட்டு வழவழப்பாக்கி, விளிம்பை இரண்டு பக்கமும் சரிவாகச் சீவி சேம்ஃபர் செய்திருந்தார்கள். 3 மி.மீ. துளையோ கைட்ரில்லில் போட்டது. பின்பக்கம் பிசிறு அப்படியே நின்றது, உள்ளே ட்ரில் கீறிய வரிகள் நகத்தில் தட்டுப்பட்டன. துளையின் வலது ஓரத்தில், பிசிறின் அடியிலிருந்து கிளிஞ்சலின் வரிகளைப் போல வளைவு வளைவாகக் கோடுகள் கிளம்பி அகலவாக்கில் போயிருந்தன. அந்தப் பகுதி மழமழவென்று, துரு ஏறிக் கறுத்திருந்தது. பட்டையின் ஓரத்துக்குப் போகப்போகப் புதிதாய்ப் பளபளக்கும் சொரசொரப்பு. ஒரே அடியில் உடைந்திருந்தால் இந்த வளைவுகள் இருக்காது. அவை விரிசல் பல நாள் மெல்ல மெல்ல ஊர்ந்ததன் தடம்.

கணினியில் பொருளைச் சின்னச் சின்ன எலிமென்ட்டுகளாகப் பிரித்துத் தகைவைக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. துளையைச் சுற்றி எலிமென்ட்டுகள் பெரிதாக இருந்தால் உச்சம் உங்கள் கண்ணிலேயே படாது. எலிமென்ட்டின் அளவு துளையின் ஆரத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தகைவை எலிமென்ட்டின் நடுவில் படித்தால், கிர்ஷ் கணக்குப்படி அந்த இடத்தில் இருப்பது 1.93 மடங்குதான். மூன்றைத் தேடிப் போய் இரண்டுகூட இல்லாமல் திரும்பி வருவீர்கள், வண்ணப் படம் மட்டும் அழகாக இருக்கும். விளிம்பில் எலிமென்ட்டைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் உச்சத்தைத் தொடவில்லை என்று பொருள். ஏறுவது நின்றதும் ஹேவுட் சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள். சின்னத் துளைகளை மாடலிலிருந்து நீக்கிவிட்டு ஓட்டும் வழக்கமும் உண்டு. நேரம் மிச்சமாகும் என்பது சரிதான், ஆனால் நீக்கிய துளை இழுவை பாயும் பாதையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு நீக்குங்கள்.

அந்த எந்திரத்தில் இன்னொரு பட்டையும் இருந்தது, அதிலும் அதே இடத்தில் அதே 3 மி.மீ. துளை. அன்றைக்கே எந்திரத்தை நிறுத்தச் சொல்லி அதற்கு டிபி டெஸ்ட் செய்தோம். துளையின் இரண்டு பக்கமும் மி.மீ. கணக்கில் சிவப்புக் கோடு கசிந்தது. புதுப் பட்டை வர பத்து நாள் ஆகும் என்றார்கள். நான் துளையை 8 மி.மீ.க்கு ரீம் செய்யச் சொன்னேன். "உடையுதுன்னு சொல்ற ஓட்டையை இன்னும் பெருசாக்கச் சொல்றீங்களே சார்!" என்றார் ஃபோர்மேன். 8 மி.மீ.க்குக் கணக்குப் போட்டால் சராசரி 87, K 2.78, உச்சம் 242. 240க்கும் 242க்கும் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் விரிசலின் கூரிய முனைகள் இரண்டும் சீவலோடு வெளியே வந்துவிடும். ரீம் செய்தபின் மறுபடி சாயம் ஊற்றிப் பார்த்தோம், கோடு எதுவும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் சேம்ஃபர் செய்து, உள்ளே எமரி போட்டுத் தேய்த்தார்கள். உடைந்த பட்டைக்குப் பதிலாக ஸ்டோரில் துளையில்லாத மாற்றுப் பட்டை ஒன்று இருந்தது. அதை மாட்டி, சுமையைப் பாதியாகக் குறைத்து, தினமும் பார்வையிட்டு அந்தப் பத்து நாளை ஓட்டினோம். புதுப் பட்டைகளில் வரிசை எண் தகடு கம்பியில் கட்டித் தொங்குகிறது.