கேட்கிறது, ஆனால் புரியவில்லை

வயதானவர்களின் காது மந்தமாகும்போது எல்லா ஒலியும் ஒரே அளவில் குறைவதில்லை. உள்காதிலுள்ள நத்தைச்சுருளின் வாசலில் இருக்கும் மயிர்ச்செல்கள் கீச்சு ஒலிகளை உணர்பவை. பெரும்பாலும் அவையே முதலில் அழிகின்றன, மறுபடி முளைப்பதில்லை. பேச்சில் உயிரொலிகள் கனமானவை, தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுண்மையான பகுதி 2000 ஹெர்ட்ஸுக்கு மேல், மெல்லியதாக இருக்கிறது. அதனால் குரல் காதில் விழும். ஆனால் சொன்னது ‘பத்து’வா ‘பட்டு’வா என்று பிடிபடாது.

இதனால்தான் தொடக்க அறிகுறிகளைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். “எனக்கு நன்றாகக் கேட்கிறது, நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள்” என்பார்கள். குழந்தைகளின் பேச்சு புரியாது. இருவர் பேசினால் புரியும், கூட்டத்தில் புரியாது. வாயசைவு தெரியாத தொலைபேசியில் தடுமாறுவார்கள். ஒரே காதில் திடீரெனக் கேட்காமல் போனால் அது முதுமை அல்ல. அன்றே காது மருத்துவரிடம் போக வேண்டும்.

முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, செவித்திறன் பரிசோதனை செய்வார்கள். ஒருவரின் பரிசோதனை முடிவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: இரு காதிலும் 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், 1000-இல் 30, 2000-இல் 50, 4000-இல் 65. ஒவ்வொரு டெசிபல் எண்ணும் அந்த ஒலி கேட்கத் தொடங்கும் அளவு. தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் இங்கே ஏறக்குறைய இயல்பாகவே கேட்கின்றன. எல்லா ஒலியையும் ஒன்றுபோலப் பெருக்கும் மலிவான காது கேட்கும் கருவி இவருக்கு இரைச்சலைத்தான் கூட்டும். காதுத் துளையை முழுதாக அடைக்கும் கருவியும் பொருந்தாது. தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும்.

இவருக்குப் பொருத்தமானது, காதுக்குப் பின்னால் அமர்ந்து, மெல்லிய கம்பி வழியே சிறு ஒலிபெருக்கியைத் துளைக்குள் வைக்கும் கருவி. அதன் முனையிலுள்ள சிலிகோன் குமிழில் துளைகள் இருக்கும். தாழ்ந்த ஒலி தானாக உள்ளே போகும், கருவி உயர் அதிர்வெண் ஒலியை மட்டும் பெருக்கும். இழப்பு இதைவிடக் கூடுதலாக இருந்தால் திறந்த குமிழ் வழியே ஒலி கசிந்து மைக்கில் திரும்பிப் புகுந்து கீச்சிடும். அப்போது காதின் அச்செடுத்துச் செய்த உறை தேவைப்படும். விரல் நடுங்குபவருக்குக் குட்டி பேட்டரியை மாற்றுவது பெரும்பாடு, சார்ஜ் செய்யும் வகையே நல்லது.

கருவியை வாங்கியதோடு வேலை முடியாது. மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும்படி அமைக்க வேண்டும். பழுதான காதுக்கு உரத்த சத்தம் சட்டென்று தாங்க முடியாததாகிவிடும் என்பதே காரணம். செவிப்பறை அருகே மெல்லிய குழாய் வைத்து, அங்கே உண்மையில் எத்தனை டெசிபல் வருகிறது என்று அளந்து சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள். கணினி தரும் முதல் அமைப்பு பல காதுகளில் உயர் ஒலியைப் போதிய அளவு தருவதில்லை. சில மாதம் நன்றாக ஓடிய கருவி மங்கினால், ஒலிபெருக்கி முனையிலுள்ள குறும்பித் தடுப்பானை முதலில் மாற்றிப் பாருங்கள்.