கிளெஃப், லெட்ஜர் கோடு: சொல் விளக்கம்

பியானோ இசைத்தாளில் ஒவ்வொரு வரிசையின் இடது ஓரத்திலும் சுழித்து நிற்கும் குறிக்குக் கிளெஃப் என்று பெயர். பிரெஞ்சுச் சொல் இது. லத்தீனில் சாவியைக் குறிக்கும் 'கிளாவிஸ்' என்பதிலிருந்து வந்தது. தமிழில் 'திறவுகோல்' என்றே சொல்லிவிடலாம். எழுத்தில் போடும் குறி என்பதால் 'திறவுக்குறி' இன்னும் பொருத்தமாக இருக்கும்.

இசைத்தாளின் ஐந்து கோடுகளுக்குத் தனியாக எந்தச் சுரமும் கிடையாது. ஒரு கோட்டுக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டால் போதும், மற்றவற்றை மேலும் கீழும் எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பெயரை வைப்பதுதான் கிளெஃபின் வேலை. 11ஆம் நூற்றாண்டில் அரெட்சோவின் குயிதோ என்ற இத்தாலியத் துறவி, எஃப் சுரத்தின் கோட்டைச் சிவப்பிலும் சி சுரத்தின் கோட்டை மஞ்சளிலும் வரையச் சொன்னார். கோட்டின் தொடக்கத்தில் எழுத்தையே போடும் வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. அந்த எழுத்துகள்தான் எழுதுவோர் கையில் வளைந்து நெளிந்து இன்றைய குறிகளாயின. கீழ்ச் சுரங்களுக்கான பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகள் எஃப் எழுத்தின் இரண்டு குறுக்குக் கோடுகளின் மிச்சம். கீழிருந்து நான்காவது கோட்டை அவை மேலும் கீழும் அணைத்து நிற்கும். அந்தக் கோடு எஃப். பியானோவின் நடுவில் இருக்கும் நடு சிக்குக் கீழே வரும் முதல் எஃப்.

பேஸை மந்தரம் என்றும், நடுச் சுரங்களுக்கான ஆல்ட்டோவை மத்தியமம் என்றும் மொழிபெயர்க்க ஆசை வரும். தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்ற சொற்களும் தயாராக இருக்கின்றன. ஆனால் அவை பாடுபவர் எடுத்துக்கொள்ளும் ஆதார ஷட்ஜத்தைப் பொறுத்து நகரும். கிளெஃப் சுட்டும் சுரம் நகராது. அதோடு 'ஆல்ட்டோ' என்றால் உயர்ந்தது என்று பொருள், அதன் இடமோ நடுவில். அதனால் எஃப் திறவுக்குறி, சி திறவுக்குறி என்று எழுத்தாலேயே அழைப்பது நல்லது என்பது என் கருத்து. குழப்பம் வராது.

அடுத்தது லெட்ஜர் கோடு. கணக்குப் பேரேட்டை நினைத்து யாரும் 'பேரேட்டுக் கோடு' என்று எழுதிவிடக் கூடாது. படுக்கையாகக் கிடக்கும் மரத்தையும் ஆங்கிலத்தில் லெட்ஜர் என்பார்கள். கோட்டுக்குப் பொருந்துவது அந்தப் பொருள்தான். ஜெர்மன்காரர்கள் இதை 'உதவிக் கோடு' என்கிறார்கள். தமிழில் 'துணைக்கோடு' சரியாக உட்காரும். ஐந்து கோடுகளுக்கு வெளியே சுரம் போகும்போது, அந்த ஒரு சுரத்துக்காக மட்டும் போடப்படும் சின்னக் கோடு அது. இடைவெளி அதே அளவுதான், எண்ணும் முறையும் அதேதான்.

பியானோக்காரருக்கு முக்கியமான துணைக்கோடு ஒன்று உண்டு. பேஸ் வரிசையின் கோடுகள் கீழிருந்து ஜி, பி, டி, எஃப், ஏ. ஏ-க்கு மேலே பி. அதற்கு மேலே முதல் துணைக்கோட்டில் நடு சி. மேல் சுரங்களுக்கான ட்ரெபிள் வரிசையின் அடிக் கோடு ஈ. அதற்குக் கீழே டி. அதன் கீழே முதல் துணைக்கோட்டில் அதே நடு சி. இரண்டு வரிசைகளுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு கோடுதான். தாளில் அந்த இடைவெளி அகலமாக இருப்பது படிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். அதனால் வலது கை வாசிக்கும் நடு சி மேல் வரிசையை ஒட்டியும், இடது கை வாசிப்பது கீழ் வரிசையை ஒட்டியும் எழுதப்படும். கட்டை ஒன்றுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆல்ட்டோ கிளெஃபைப் பாருங்கள். அதன் நடுக்கோடு நடு சி. கோடுகள் கீழிருந்து எஃப், ஏ, சி, ஈ, ஜி. எஃப், ஏ இரண்டும் பேஸ் வரிசையின் மேல் கோடுகள். ஈ, ஜி இரண்டும் ட்ரெபிள் வரிசையின் அடிக் கோடுகள். நடுவில் நம் துணைக்கோடு. அதாவது ஆல்ட்டோ புதிதாக எதையும் கேட்கவில்லை. பியானோக்காரர் ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கும் இரட்டை வரிசையின் நடுப்பகுதியில் திறந்த ஜன்னல் அது. பதினொரு கோட்டு வரிசை ஒன்று வரலாற்றில் இருந்து, பிறகு இரண்டாகப் பிரிந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அது பாடம் சொல்லித்தருவதற்கான படம், அவ்வளவுதான்.

இந்த ஜன்னலை அதிகம் பயன்படுத்துவது, வயலினைவிடச் சற்றே பெரிய வயோலா. அதன் நான்கு தந்திகள் கீழிருந்து சி, ஜி, டி, ஏ. அடித் தந்தி நடு சிக்கு ஓர் எட்டாம் சுரம், அதாவது ஓர் ஆக்டேவ், கீழே. அதை ட்ரெபிளில் எழுதினால் நான்காவது துணைக்கோட்டுக்கும் கீழே தொங்கும். மேல் தந்தியின் ஏ-யைப் பேஸில் எழுதினால் மூன்றாவது துணைக்கோட்டுக்கு மேலே ஏறி உட்காரும். ஆல்ட்டோவிலோ சி ஒரே ஒரு துணைக்கோட்டுக்குக் கீழே நிற்கிறது. ஏ-க்குத் துணைக்கோடே வேண்டாம், மேல் கோட்டைத் தொட்டபடி இருக்கும்.

வயோலாவுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் பியானோக்காரருக்குத் தன் இரண்டு வரிசைகளுக்கு மேலே வயோலாவின் வரிசையும் அச்சாகியிருக்கும். அதை அவசரத்துக்குப் படிக்க ஒரு வழி உண்டு. ட்ரெபிள் என்றே நினைத்துப் படியுங்கள். ஓர் எழுத்து மேலே ஏறுங்கள். அப்புறம் ஓர் எட்டாம் சுரம் இறங்குங்கள். மூன்றாவது இடைவெளியில் ஒரு சுரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ட்ரெபிள் கண்ணுக்கு அது சி. ஓர் எழுத்து ஏறினால் டி. எட்டாம் சுரம் இறங்கினால் நடு சிக்கு அடுத்த டி, வயோலாவில் கீழிருந்து மூன்றாம் தந்தி. சரியாக வந்துவிட்டது. ஷார்ப், ஃப்ளாட் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. ட்ரெபிளாகப் பார்க்கும் கண்ணுக்கு, வரிசைத் தொடக்கத்தில் உள்ள முதல் ஷார்ப் ஈ-யின் இடத்தில் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் அது எஃப். எழுத்தை மாற்றிய பிறகுதான் ஷார்ப்பைச் சேர்க்க வேண்டும்.

பேஸில் வரும் தவறு வேறு வகை. ட்ரெபிள் பழக்கத்தில் கண் வழுக்கினால் ஒவ்வொரு சுரத்தின் பெயரும் இரண்டு எழுத்து பின்தங்கிவிடும்: அடிக் கோட்டு ஜி, ஈ ஆகிவிடும். இடது கையின் கடைசிச் சுரம் பாட்டின் ஆதாரச் சுரத்தில் போய் நிற்காமல், இரண்டு எழுத்து தள்ளி நின்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

துணைக்கோடுகள் கூடிக்கொண்டே போனால் ஒவ்வொன்றாய் எண்ணுவதைவிட, சி-க்களை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. பேஸுக்குக் கீழே இரண்டாவது துணைக்கோடு சி. ட்ரெபிளுக்கு மேலே இரண்டாவது துணைக்கோடும் சி. நடு சியிலிருந்து இரண்டும் சம தூரம். பேஸுக்குக் கீழே மூன்றாவது கோடு ஏ; சி-யிலிருந்து ஒரு கோடு இறங்கினால் ஓர் எழுத்தைத் தாண்டுகிறோம், அவ்வளவுதான். 88 கட்டைப் பியானோவின் கடைசி ஏ ஆறாவது துணைக்கோட்டுக்கும் கீழே தொங்கும். மேல் முனையின் சி ஒன்பதாவது கோட்டில் இருக்கும். ஓடும் இசையில் அத்தனை கோடுகளைக் கண்ணால் எண்ண முடியாது. அதனால்தான் எழுதுவோர் எட்டாம் சுரக் குறியைப் போட்டு, புள்ளிக் கோட்டுக்கு அடியில் மேல் சுரங்களை எல்லாம் ஓர் எட்டாம் சுரம் இறக்கி எழுதிவிடுகிறார்கள். அந்தப் புள்ளிக் கோடு எங்கே முடிகிறது என்பதைப் பார்க்கத் தவறினால், அடுத்த சுரங்கள் கட்டை வரிசையில் ஏழு வெள்ளைக் கட்டை தள்ளி ஒலிக்கும்.