ஏ2 பாலுக்கு மாறியும் வயிறு உப்புகிறதா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து வந்த ஒருவர், பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று சொசைட்டி பாலை நிறுத்திவிட்டு, ரெட்டை விலை கொடுத்து நாட்டுமாட்டு ஏ2 பால் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். உப்புசம் மட்டும் போகவில்லை. "நாட்டுமாட்டுப் பாலுமே சேரலைன்னா எப்படிங்க சார்?" என்றார். இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது.

பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதம் 209 அமினோ அமிலங்களின் சங்கிலி. அதில் 67-வது இடத்தில் ஏ2 வகையில் புரோலின் இருக்கும், ஏ1 வகையில் ஹிஸ்டிடின் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த இடத்தில் புரோலின் இல்லாவிட்டால் செரிமானத்தின்போது சங்கிலி எளிதில் அறுந்து, பிசிஎம்-7 என்ற சிறு துண்டு வெளியே வருகிறது. ஏ1 பால் மீதான குற்றச்சாட்டு எல்லாம் இந்தத் துண்டின் மேல்தான்.

சர்க்கரை நோய், மாரடைப்பு என்று பயமுறுத்துவதற்கு அடிப்படை என்ன என்று பார்த்தால், பெரும்பாலும் எந்த நாட்டில் எவ்வளவு ஏ1 பால் குடிக்கிறார்கள், எவ்வளவு நோய் இருக்கிறது என்ற ஒப்பீடுதான். அதை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் ஆய்வுகளை எல்லாம் அலசி, பிசிஎம்-7தான் இந்த நோய்களுக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டது.

வயிற்று விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. சீனாவில் பால் ஒத்துக்கொள்ளாத 600 பேருக்கு இரண்டு வகைப் பாலையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில் (2017), ஏ2 மட்டும் உள்ள பாலில் வயிற்றுத் தொந்தரவு குறைவாக இருந்தது. ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஏ2 பால் விற்கும் நிறுவனம், அதனால் முடிவு பொய்யாகிவிடாது என்றாலும், நான் அதை முழுசாக நம்பிவிடவும் மாட்டேன்.

இவருக்கு வருவோம். ஏ1, ஏ2 இரண்டிலும் லாக்டோஸ் சர்க்கரை ஏறக்குறைய ஒரே அளவுதான், ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் போல. தயிர் ஒத்துக்கொள்கிறது, பால்தான் ஆகவில்லை என்று அவர் சொன்னபோதே லாக்டோஸ் மேல் சந்தேகம் வந்துவிட்டது, பால் தயிராகும்போது லாக்டோஸ் கொஞ்சம் குறைந்துவிடும். இரண்டு வாரம் பாலை நிறுத்தச் சொன்னேன், உப்புசம் போனது. அப்புறம் ஏ2 என்று எதுவும் பார்க்காமல், லாக்டோஸ் நீக்கிய சாதாரணப் பாலைக் குடிக்கச் சொன்னேன். தொந்தரவே இல்லை. புரதத்தை மாற்றாமல் சர்க்கரையை மட்டும் எடுத்தே சரியாகிவிட்டது என்றால், பிரச்சினை புரதத்தில் இல்லை. இப்போது சொசைட்டி பாலையே தயிராகவும், காபிக்குக் கொஞ்சமாகவும் எடுத்துக்கொள்கிறார்.

இதைவிட எனக்குக் கவலை குழந்தைகளைப் பற்றித்தான். பால் குடித்ததும் தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் அது பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு "நாட்டுமாட்டுப் பால்தானே" என்று ஏ2 பாலைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். அதிலும் கேசினும் மற்ற பால் புரதங்களும் இருக்கத்தான் செய்கின்றன.