எட்டா, மூன்றா? நிழல் விழுந்த கணக்குத் தாளைப் படித்துச் சரிபார்ப்பது எப்படி

மூன்று இலக்க எண்களைக் கூட்டும் பயிற்சித் தாள் ஒன்றைக் கைபேசியில் படமெடுத்து, ஒரு பிள்ளை பென்சிலால் எழுதிய எண்களைக் கணினி நிரல் ஒன்றைக் கொண்டு படிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். படமெடுத்தவரின் கை விளக்கை மறைத்ததால் தாளின் இடப்பாதியில் நிழல் விழுந்திருக்கிறது. கைபேசி சற்று அசைந்ததால் கோடுகளின் ஓரங்களும் மங்கியிருக்கின்றன. முதல் கணக்கை நிரல் இப்படிப் படிக்கிறது: 488 + 275 = 713. ஆனால் 488உடன் 275ஐக் கூட்டினால் 763 வர வேண்டும். பிள்ளை தவறாகக் கூட்டினாளா, நிரல் தவறாகப் படித்ததா?

இடம் இடமாகப் பார்த்தால் ஐயம் ஓரிடத்தில் குவிகிறது. ஒன்றுகள் இடத்தில் 8உம் 5உம் 13. 3 எழுதி 1ஐப் பத்துகள் இடத்துக்குக் கொண்டுபோவது சரியாகவே இருக்கிறது. நூறுகள் இடத்தில் 4உம் 2உம் பத்துகளிலிருந்து வந்த 1உம் சேர்ந்து 7, அதுவும் சரி. பத்துகள் இடத்தில்தான் 8, 7, 1 மூன்றும் சேர்ந்து 16 ஆக, விடையில் 6க்குப் பதிலாக 1 நிற்கிறது. இதற்கு நான்கு விளக்கங்கள் சொல்லலாம். 488இன் நடு இலக்கம் உண்மையில் 3ஆக இருக்கலாம். 275இன் 7 உண்மையில் அடிக்கோடு வெளிறிய 2ஆக இருக்கலாம். விடையிலுள்ள 1 உண்மையில் 6ஆக இருக்கலாம். ஆனால் அவ்விரண்டின் வடிவங்களும் எளிதில் குழம்புபவை அல்ல. நான்காவதாக, எல்லா இலக்கங்களும் சரியாகவே படிக்கப்பட்டு, பிள்ளையே ஐந்து குறைவாகக் கூட்டியிருக்கலாம். விரல்விட்டு எண்ணும் பிள்ளைகள் ஒரு கையை முழுதாக விட்டுவிடுவது உண்டு என்பதால், இதை எளிதில் தள்ளிவிட முடியாது. எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பதைக் கூட்டல் காட்டிவிட்டது. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தாளிலுள்ள பென்சில் கோடுதான் சொல்ல வேண்டும்.

கோட்டைப் பார்ப்பதற்கு முன் நிழலைக் கழித்தாக வேண்டும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச மதிப்பு உண்டு. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. நம் படத்தில் வெளிச்சமான பகுதியில் தாள் 200, பென்சில் கோடு 90 என்றும், நிழலில் தாள் 110, கோடு 50 என்றும் கொள்வோம். 128க்குக் கீழுள்ள எல்லாம் கோடு என்று வகுத்தால், நிழல்பட்ட தாள் முழுவதும் மையில் தோய்த்ததுபோல் கறுத்துவிடும். எல்லையை 80க்கு இறக்கினால் நிழற்பகுதி தெளிவாகும், ஆனால் வெளிச்சப் பகுதியிலுள்ள கோடுகள் மறைந்துபோகும். 1979இல் நொபுயுகி ஓட்சு வெளியிட்ட புகழ்பெற்ற முறை, மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்து இந்த எல்லையைத் தானே தேர்ந்தெடுக்கும். ஆனால் நிழல் பெரிதாக இருக்கும்போது, தாளையும் கோட்டையும் பிரிப்பதற்குப் பதிலாக வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்துக் கொடுத்துவிடக் கூடும்.

இதற்கு வழி அந்த எண்களிலேயே இருக்கிறது. 90ஐ 200ஆல் வகுத்தாலும் 50ஐ 110ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ 0.45தான் வருகிறது. நிழல் தாளையும் கோட்டையும் ஒரே விகிதத்தில் மங்கவைப்பதே இதற்குக் காரணம். எனவே ஒவ்வோரிடத்திலும், ஓர் இலக்கத்தைவிடப் பெரிய சுற்றுப்பரப்பில் தாளின் வெளிச்சம் எவ்வளவு என்று மதிப்பிட்டு, அதனால் அங்குள்ள புள்ளியின் மதிப்பை வகுத்தால், தாள் எங்கும் 1ஐ ஒட்டியும் கோடு எங்கும் 0.45ஐ ஒட்டியும் அமையும். இம்முறை தடுமாறுவது நிழலின் விளிம்பில்தான். அங்கே தாளின் வெளிச்சம் சட்டென மாறுவதால், விளிம்பை ஒட்டிய நிழற்பகுதி கோடுபோலத் தெரியக்கூடும். பென்சிலின் கரி சாய்வான வெளிச்சத்தில் பளபளப்பதும் ஒரு தொல்லை. அந்த இடத்தில் கோடு வெளிறி, அறுந்ததுபோல் தோன்றும்.

இனி அந்த நடு இலக்கத்துக்கு வருவோம். 3க்கும் 8க்கும் உள்ள வேறுபாடு இடப்பக்கத்தில் மேலும் கீழுமாக உள்ள இரு திறப்புகள் மட்டுமே. படம் மங்கும்போது ஒவ்வொரு கோட்டின் கறுமையும் பக்கத்திலுள்ள வெள்ளைக்குள் பரவுகிறது. திறப்பு குறுகலாக இருந்தால் இரு முனைகளிலிருந்தும் வரும் கறுமை நடுவில் சந்தித்து, இல்லாத கோட்டை உண்டாக்கிவிடும். 4 என்பது 9ஆகவும், 5 என்பது 6ஆகவும் மாறுவது இதே காரணத்தால்தான். நம் இலக்கத்தின் வலப்பக்க வளைவில் விகிதம் 0.5 என்றால், இடப்பக்கத் திறப்பில் முனைகளுக்கு அருகே 0.62, நடுவில் 0.78 என்று வருகிறது. உண்மையான கோடாக இருந்திருந்தால் கறுமை ஏறத்தாழ ஒரே சீராக ஓடியிருக்கும். முனையில் அடர்ந்து நடுவில் வெளிறுவது கசிந்த மங்கலின் அடையாளம். ஆனால் பிள்ளை அந்த இடத்தில் பென்சிலை மெல்ல அழுத்தியிருந்தாலும் கோடு வெளிறும். ஆகவே இந்த ஒரு சான்றை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

நிரல் இதை 8 என்று 97 விழுக்காடு உறுதியுடன் சொல்லியிருந்தால்? அந்த எண்ணுக்கு நான் அதிக மதிப்புத் தரமாட்டேன். கையெழுத்து இலக்கங்களுக்குப் பரவலாகப் பயன்படும் எம்னிஸ்ட் தொகுப்பில், பயிற்சிக்கென 60,000 படங்கள் உள்ளன. எழுதியவர்கள் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஊழியர்களும் அந்நாட்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்களும் ஆவர். படங்கள் 28க்கு 28 புள்ளிகளில் நடுவில் பொருத்தப்பட்டு, நிழலின்றி இருப்பவை. அவற்றில் மட்டும் பழகிய நிரலின் உறுதி, நிழலிலும் மங்கலிலும் அளந்து பார்த்த உறுதி அன்று. அதைவிடப் பயனுள்ள சோதனை எளிமையானது: கோட்டையும் தாளையும் பிரிக்கும் விகிதத்தை 0.80இலிருந்து 0.70க்கு மாற்றி மீண்டும் படிக்கச் சொல்வது. முன்பு 8 என்றது இப்போது 3 என்று மாறினால், அந்த இலக்கம் திறப்பில் உள்ள சாம்பல் நிறத்தை நம்பியே 8 ஆனது என்று தெரிந்துவிடும்.

அடுத்த சான்று அதே தாளில் இருக்கிறது. வெளிச்சமான பாதியில் இந்தப் பிள்ளை எழுதிய மற்ற 3களின் தலை தட்டையாகவும், 8களின் நடு ஒன்றையொன்று வெட்டும் கோடுகளாகவும் இருந்தால், ஐயத்துக்குரிய இலக்கத்தின் தலையையும் நடுவையும் அவற்றோடு ஒப்பிடலாம். ஒருவருடைய 3, அவருடைய வேறு 3களைத்தான் மிகவும் ஒத்திருக்கும். நம் இலக்கத்தின் தலை தட்டை. நடுவில் வெட்டு இல்லை. 275இன் 7க்கு அடியில் விகிதம் 0.98, அதாவது வெறும் தாள்; அது 2 அன்று. தாள் இன்னும் கையில் இருந்தால் விளக்கை மறுபுறம் வைத்து, கைபேசியை அசையாமல் தாங்கி, இன்னொரு படம் எடுப்பது இவை எல்லாவற்றையும்விட நல்லது. நிழல் இடம் மாறும், மங்கல் குறையும், கோடு அப்படியே நிற்கும். இரண்டாம் படத்தில் திறப்பு வெளுத்துத் தெரிந்தால் ஐயம் தீர்ந்தது: பிள்ளை எழுதியது 438 + 275 = 713, கணக்கும் சரி.

அதே தாளின் அடுத்த கணக்கு 562 + 179 = 731 என்று படிக்கப்படுகிறது. சரியான விடை 741. கூட்டலை மட்டும் நம்பும் நிரல் இங்கே 3ஐ 4 என்று திருத்திவிடத் துணியும். ஆனால் இந்தக் கணக்கு நிழலுக்கு வெளியே இருக்கிறது. 3இன் இரு திறப்புகளிலும் விகிதம் 0.9க்கு மேல், பிரிக்கும் எல்லையை மாற்றினாலும் வாசிப்பு மாறவில்லை. முதல் கணக்கில் பத்துகள் இடத்துக்கு மேலே சிறிதாக எழுதப்பட்டிருந்த 1, இங்கே காணப்படவில்லை. 2உம் 9உம் 11 ஆக, 1ஐ எழுதிவிட்டு, பத்துகளுக்குக் கொண்டுபோக வேண்டிய 1ஐப் பிள்ளை மறந்திருக்கிறாள் என்பதற்கு எல்லாம் பொருந்துகிறது. 731 என்ற வாசிப்பைத் தொடாமல், விடை தவறு என்று மட்டும் குறித்து ஆசிரியரிடம் அனுப்ப வேண்டிய கணக்கு இது.