"தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்" என்று முடித்த மெயில்

மனிதவளத் துறைக்கு வந்த புதிதில், வருகை விதி மாற்றத்தை அறிவித்து எல்லோருக்கும் நான் அனுப்பிய மெயில் இது: "சமீப காலமாகப் பணியாளர்கள் தாமதமாக வருவது கவனிக்கப்பட்டுள்ளது. இனி இது அனுமதிக்கப்படாது. மீறுவோர் மீது தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்."

மறுநாள் முதல் ஆளாக என்னைத் தேடி வந்தவர், தினமும் ஒன்பது மணிக்கு முன்பே சீட்டில் இருப்பவர். "என்னையும் சேர்த்துத்தான் சொன்னீங்களா மேடம்?" என்று கேட்டார். அலுவலகத்தில் எண்பது பேர். அடிக்கடி தாமதமாக வந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரைக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். எண்பது பேரையும் திட்டிவிட்டேன்.

அதைவிடப் பெரிய கோளாறு, அந்த மெயிலில் கடுமை இருந்ததே தவிர விதி இல்லை. எத்தனை மணிக்கு மேல் தாமதம், எத்தனை முறை வரை பரவாயில்லை, நடவடிக்கை என்றால் என்ன, எதுவும் இல்லை. விளைவு, ஒரு பிரிவில் 9.35க்கு வந்தவருக்கு அரை நாள் லீவு போனது. பக்கத்துப் பிரிவில் 9.50க்கு வந்தவரை யாரும் கேட்கவில்லை.

இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

பொருள்: வருகை நேர விதியில் மாற்றம், ஜூலை 1 முதல்

அனைவருக்கும் வணக்கம்.
வேலை நேரம் வழக்கம்போல் காலை 9.30க்குத் தொடங்கும். 9.40 வரை பதிவு செய்தால் தாமதம் ஆகாது, 9.41 முதல் தாமதம். மாதத்தில் மூன்று தாமதம் வரை லீவு கழியாது. நான்காவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அரை நாள் லீவு கழியும். எல்லா நிலையில் உள்ளவர்களுக்கும் இதே விதிதான். பதிவு விட்டுப்போனாலோ, வெளிவேலைக்கு நேரே சென்றிருந்தாலோ, இரண்டு வேலை நாளுக்குள் திருத்தம் கேளுங்கள். உடல்நிலை அல்லது குடும்பப் பொறுப்பு காரணமாக வேறு நேரம் தேவைப்பட்டால் எனக்குத் தனியாக எழுதுங்கள். சந்தேகங்களை ஜூன் 20க்குள் கேளுங்கள்.

இதில் "கண்டிப்பாக" என்ற சொல்லே இல்லை. ஆனால் 9.41 என்றால் 9.41தான், யாருக்கும் குழப்பம் வராது. மாத நடுவில் தொடங்கினால் ஒரே சம்பளக் கணக்கில் இரண்டு விதிகள் கலந்துவிடும். அதனால்தான் ஒன்றாம் தேதி. அனுப்புவதற்கு முன், லீவையோ சம்பளத்தையோ இப்படிக் கழிக்கச் சட்டமும் பணி நியமனக் கடிதமும் இடம் தருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மேலாளர்களுக்கு ஒரு நாள் முன்பே காட்டிவிடுங்கள். மெயில் வந்ததும் எல்லோரும் கேள்வி கேட்கப்போவது அவர்களிடம்தான்.

அப்புறம், நடைமுறையில் அதிகம் சிக்குவது அந்தத் திருத்த விண்ணப்பம். பணியாளர் நேரத்துக்குக் கொடுத்திருப்பார், மேலாளர் திறந்தே பார்த்திருக்க மாட்டார், மாதக் கடைசியில் லீவு கழிந்திருக்கும். அதனால் இன்னொரு வரியும் சேர்க்கிறேன்: "மேலாளர் மூன்று வேலை நாளுக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்."