ரெப்போ குறைந்தும் வீட்டுக்கடன் வட்டி குறையவில்லையா? வங்கியிடம் சலுகை கேட்காதீர்கள், திருத்தம் கேளுங்கள்

வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி 2025ஆம் ஆண்டில் நான்கு முறை குறைத்தது. பிப்ரவரியில் 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆனது. ஏப்ரலில் 6.00, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25. மொத்தம் ஒன்றேகால் சதவீதம். என் தம்பி 2023இல் வாங்கிய வீட்டுக்கடனின் வட்டி மட்டும் 8.90 சதவீதத்திலேயே நின்றது. கிளையில் போய்க் கேட்டபோது, "ஒரு விண்ணப்பமும் கட்டணமும் கொடுங்கள், குறைத்துத் தருகிறோம்" என்றார்கள். அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், அதுவரை கூடுதலாகக் கட்டிய பணத்தைத் தம்பி மறந்துவிட வேண்டியதுதான். பலருக்கும் நடப்பது இதுவே என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடன் எந்த வகை என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் வீட்டுக்கடன், வாகனக்கடன் போன்ற தனிநபர் கடன்களில், ஃப்ளோட்டிங் எனப்படும் மாறும் வட்டி இருந்தால், அதை வங்கிக்கு வெளியே உள்ள ஓர் அளவுகோலோடு இணைத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவையே எடுத்துக்கொண்டன. குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்த அளவுகோலின்படி வட்டியை மறுநிர்ணயம் செய்ய வேண்டும். உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்ததாக இருந்து, ரெப்போ குறைந்தபின் வரும் மறுநிர்ணய நாள் கடந்தும் வட்டி இறங்காவிட்டால் அது பிழை.

அதற்கு முன் வாங்கிய கடன் எம்சிஎல்ஆர் அல்லது அடிப்படை வட்டியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த வட்டியை வங்கி தன் செலவுக் கணக்கை வைத்து நிர்ணயிக்கிறது. ரெப்போவோடு நேராக இறங்காது. அங்கே நீங்கள் கேட்க வேண்டியது ரெப்போவுக்கு மாற்றித் தரும்படி. முன்கூட்டியே கடனை அடைத்தால் கட்டணம் இல்லை என்ற வகையில் வரும் கடனாளிகளுக்கு, நியாயமான நிர்வாக, சட்டச் செலவு தவிர வேறு கட்டணம் இல்லாமல் மாற்றித் தர வேண்டும் என்பது விதி. ஆனால் பழைய மாதங்களுக்குப் பணம் திரும்பக் கேட்க முடியாது. வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனுக்கு இந்த வெளி அளவுகோல் விதியே பொருந்தாது. அங்கே ஒப்பந்தம் சொல்வதுதான்.

ரெப்போ கடன் என்று உறுதியானபின், மாதத் தவணைத் தொகையைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். வட்டி குறைந்தால் பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துக்கொண்டு, கட்ட வேண்டிய மாதங்களைக் குறைத்துவிடும். தவணை மாறவில்லை என்பதாலேயே வட்டி மாறவில்லை என்று ஆகாது. கணக்கு அறிக்கையில் வட்டிக்கென்று எழுதப்பட்ட தொகையைத்தான் பார்க்க வேண்டும்.

தம்பியின் அறிக்கையை மேசையில் விரித்து நாங்கள் செய்தது இதுதான். அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் "ரெப்போ 6.50, அதன்மேல் 2.40, மொத்தம் 8.90" என்று இருந்தது. மறுநிர்ணய நாள்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி. பிப்ரவரிக் குறைப்பு ஏப்ரல் 1 அன்று ஏறியிருக்க வேண்டும்: 8.65. ஏப்ரல், ஜூன் குறைப்புகள் இரண்டும் சேர்ந்து ஜூலை 1 அன்று: 7.90. ஜூலை தொடக்கத்தில் பாக்கி அசல் 25 லட்சம். இந்தப் பாக்கிக்கு 7.90 சதவீதத்தில் 31 நாளுக்கு வட்டி 16,774 ரூபாய். அறிக்கையில் பற்று வைத்திருந்ததோ 18,897 ரூபாய். அது 8.90 சதவீதத்தில் வரும் தொகை, ரூபாய்க்கு ரூபாய் சரியாக. சந்தேகத்துக்கு இனி இடமில்லை.

ஏப்ரல் முதல் ஜூன் வரை கால் சதவீதம், ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு சதவீதம் என்று 25 லட்சத்துக்குக் கணக்கிட்டால், கூடுதலாகப் போனது சுமார் 14,000 ரூபாய். அசல் மாதந்தோறும் சிறிது குறைவதால் சரியான தொகை கொஞ்சம் மாறும். அதை வங்கியே கணக்கிட்டுத் தரட்டும்.

இன்னொரு வகைப் பிழை கண்ணில் எளிதில் படாது. ரெப்போ குறைந்ததைக் காட்டிவிட்டு, அதன்மேல் வைக்கும் 2.40ஐ 3.00 ஆக்கிவிடுவது. நடப்பு வட்டியிலிருந்து, கடைசி மறுநிர்ணய நாளில் இருந்த ரெப்போவைக் கழித்துப் பாருங்கள். மீதி அனுமதிக் கடிதத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். இந்தக் கூடுதல் விகிதத்தில் கடன் அபாயத்துக்கான பகுதியை, கடனாளியின் கடன் தகுதியில் பெரிய மாற்றம் வந்தால் மட்டுமே, அதுவும் ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டபடி, மாற்றலாம். மற்ற பகுதிகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம். சம்பளக் கணக்கு வேறு வங்கிக்குப் போனதால் ஒரு சலுகை நின்றிருக்கலாம். அதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இன்று கடன் வாங்குகிறவருக்கு 7.50 சதவீதம், எனக்கு 7.90 என்பது பிழை அல்ல. புதியவருக்குக் கூடுதல் விகிதத்தைக் குறைவாக வைக்க வங்கிக்கு உரிமை உண்டு. 2025 அக்டோபர் முதல் பழைய வாடிக்கையாளரைத் தக்கவைக்க அந்த விகிதத்தை மூன்று ஆண்டுக்கு முன்பே குறைக்கவும் ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. ஆனால் அது வங்கியின் விருப்பம். அதற்கு வேறு கடிதம் எழுதுங்கள். புகாரோடு கலந்தால் முழுவதையும் பேரமாகவே பார்ப்பார்கள்.

தம்பி கிளை மேலாளருக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது:

"என் கடன் ரெப்போவுடன் இணைக்கப்பட்டது. ஒப்பந்தப்படி 1.4.2025 அன்று வட்டி 8.65 ஆகவும் 1.7.2025 அன்று 7.90 ஆகவும் மாறியிருக்க வேண்டும். கணக்கில் 8.90 சதவீதமே பற்று வைக்கப்பட்டுள்ளது. அந்தந்தத் தேதியிலிருந்து வட்டியைத் திருத்தி, கூடுதலாக வசூலித்த தொகையை அதே தேதியிட்டு அசலில் வரவு வைக்குமாறும், ஒவ்வொரு மறுநிர்ணய நாளின் ரெப்போ, கூடுதல் விகிதம், மொத்த வட்டி ஆகியவற்றை எழுத்தில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். இது வட்டி மாற்ற விண்ணப்பம் அல்ல, புகார்."

கடைசி வரி மிக முக்கியம். மாற்ற விண்ணப்பம் கையெழுத்தான நாளிலிருந்துதான் வேலை செய்யும். திருத்தமோ பிழை தொடங்கிய நாளுக்குப் போகும், அதற்குக் கட்டணமும் கிடையாது. அனுமதிக் கடிதத்தின் நகல், ஒப்பந்தத்தின் வட்டிப் பக்கம், குறைப்புக்கு முந்தைய மாதம் தொடங்கி இன்றுவரையிலான அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் புகார் எண் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குச் சாட்சி இல்லை. புகார் நடக்கும்போது தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் சிபில் பதிவில் தாமதம் ஏறிவிடும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வங்கிக்கு முதலில் எழுதிய சான்று இல்லாமல் போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முத்திரை வாங்கச் சொன்னது அதற்காகத்தான். வட்டி விகிதம் அதிகம் என்ற மனக்குறையை அங்கே எழுதாதீர்கள், அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளப்படும். எந்தத் தேதியில் எந்த விகிதம் ஏறியிருக்க வேண்டும், எது ஏறியது என்று மட்டும் எழுதுங்கள்.

திருத்தம் வந்ததும் அறிக்கையை மறுபடி வாங்கிப் பாருங்கள். அடுத்த மாதத்திலிருந்து வட்டி குறைந்தது மட்டும் போதாது. பழைய தேதியிட்ட வரவு அசலில் இறங்கியிருக்க வேண்டும். தம்பிக்கு முதல் தடவை வட்டியை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டாம் கடிதம் எழுதிய பிறகுதான் அந்த வரவு வந்தது.